சுவரில் வழியும் கூரைத் தண்ணீர்: கட்டர், இலை, சரிவு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கத்து ஓட்டு வீடுகளிலும் ஷீட் போட்ட வீடுகளிலும் பழுது பார்க்கும் வேலை என்னுடையது. ஐப்பசி நெருங்க நெருங்க ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன். இந்தப் பக்கத்தில் கட்டர் என்றால் கூரைச் சரிவின் கீழ் விளிம்பில் மாட்டிய தகரம் அல்லது பிவிசி தொட்டி. பைப் என்றால் அதிலிருந்து தரைக்கு இறங்கும் குழாய்.

மழை விட்டு அரை மணி ஆச்சு, இன்னும் சுவரோரமா சொட்டிக்கிட்டே இருக்கு. கட்டர் ஓட்டை ஆயிடுச்சா?

ஓட்டை இருக்கலாம். ஆனால் மழை நின்ற பிறகும் சொட்டுகிறது என்றால் கட்டருக்குள் தண்ணீர் தேங்கி நிற்கிறது என்று அர்த்தம். தேங்கிய தண்ணீர்தான் மூட்டு வழியாகவோ துரு விழுந்த துளை வழியாகவோ கசிகிறது. சரிவு ஒழுங்காக இருந்தால் சில நிமிடங்களில் கட்டர் காலியாகிவிடும், அதே ஓட்டையில் கசிய அங்கே தண்ணீர் இருக்காது. ஓட்டையை மட்டும் அடைத்தால் தேங்கும் தண்ணீர் அடுத்த மூட்டைத் தேடிப் போகும்.

எப்போது வழிகிறது என்று கவனியுங்கள். தூறல் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே வழிந்தால் அடைப்பு. கொட்டும் மழையில் மட்டும் வழிந்தால் பைப்போ கட்டரோ போதவில்லை. மழை விட்ட பின்பும் சொட்டினால் சரிவுக் கோளாறு. பல வீடுகளில் அடைப்பும் சரிவுக் கோளாறும் சேர்ந்தே இருக்கும், ஏனென்றால் தண்ணீர் தேங்கும் இடத்தில்தான் இலையும் படியும்.

ஏணி போடாம கீழ நின்னே எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், மழை பெய்யும்போது குடையோடு வெளியே நின்று பார்க்க வேண்டும். மேலே கட்டர் வழிய, கீழே பைப் வாயில் நூல் மாதிரி தண்ணீர் வந்தால் அடைப்பு பைப்புக்குள்ளோ அதன் மேல் வாயிலோ இருக்கிறது. பைப் நிறைய வேகமாகக் கொட்டியும் மேலே வழிந்தால் அளவு போதவில்லை. பைப்பிலிருந்து தள்ளி, கட்டரின் நடுவிலோ மறுகோடியிலோ வழிந்தால் சரிவைப் பாருங்கள்.

மழை இல்லாத நாளில் பைப்பை மேலிருந்து கீழாக விரல் முட்டியால் தட்டிக்கொண்டே வாருங்கள். காலியான இடம் கணீரென்று கேட்கும், அடைத்த இடம் மந்தமாகக் கேட்கும். பெரும்பாலும் அந்தச் சத்தம் மாறுவது கூரைக்குக் கீழே பைப் சுவர்ப் பக்கம் வளையும் பெண்டிலும், தரைக்குப் பக்கத்தில் வெளியே திரும்பும் பெண்டிலும்தான்.

வீட்டைச் சுத்தி பெரிய மரம்னு எதுவுமில்ல, பக்கத்து வீட்டுப் புளியமரம் ஒண்ணுதான். அந்தத் துளி இலையா இவ்வளவு அடைக்குது?

அந்தத் துளி இலைதான் மோசம். மாவிலையும் வாதா இலையும் பெரியவை, கண்ணுக்குத் தெரியும், கையால் அள்ளலாம். புளிய இலை தண்ணீரோடு ஓடி, ஓட்டுத் தூளோடும் காற்றில் வந்த மண்ணோடும் கலந்து சேறாகப் படியும். காய்ந்தால் அடை மாதிரி இறுகிவிடும், அதன்மேல் அடுத்த அடுக்கு ஒட்டும். வேப்பம்பூ, முருங்கை இலை, மூங்கில் சருகு எல்லாம் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்யும். கூரைக்கு மேல் தென்னை சாய்ந்திருந்தால் பன்னாடையையும் குரும்பையையும் பாருங்கள். ஒரு பன்னாடைத் துண்டு பைப் வாய்மேல் விழுந்து படிந்தால் மூடி போட்டது போல அடைத்துவிடும். குரும்பை உருண்டு உள்ளே போய்ப் பெண்டில் சிக்கும்.

எல்லோரும் ஐப்பசிக்கு முன்னால் ஒருமுறை சுத்தம் செய்கிறார்கள், அது சரி. ஆனால் மாசி, பங்குனியில் மரங்கள் இலை உதிர்த்த பிறகு கட்டர் நிறையக் குப்பை இருக்கும். அதன்மேல் சித்திரையில் ஒரு கோடை மழை அரை மணி நேரம் கொட்டினால் சுவர் நனைந்துவிடும். அதனால் பங்குனிக் கடைசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை, கார்த்திகையில் மழை ஓய்ந்த ஒரு நாளில் ஒருமுறை. புயல் காற்று அடித்தாலும், தென்னை மட்டை கழித்தாலும் மறுநாளே பார்த்துவிடுங்கள்.

ஏணி வெச்சு நானே ஏறிச் சுத்தம் பண்ணலாமா?

ஏணியில் நின்று கை எட்டும் அளவு செய்யலாம். ஓட்டின்மேல் ஏறாதீர்கள். பழைய ஓடு உடையும், பாசி பிடித்த ஓடு வழுக்கும். ஏணியைக் கட்டரின்மேல் சாய்க்கவும் கூடாது, கிளாம்பு வளைந்து நீங்களே ஒரு பள்ளத்தை உண்டாக்கிவிடுவீர்கள். சுவரில் சாய்த்து, கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஏறுவதற்கு முன் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் எங்கே என்று பாருங்கள். பல தெருக்களில் அது கூரை ஓரத்தை ஒட்டித்தான் வருகிறது. மெயின் சுவிட்சை அணைத்தாலும் கம்பத்துக்கும் மீட்டருக்கும் நடுவே இருக்கும் அந்த வயரில் மின்சாரம் இருக்கும், ஏனென்றால் மெயின் சுவிட்ச் மீட்டருக்கு இந்தப் பக்கம். வயர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலோ, அதன் உறை வெடித்திருந்தாலோ மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே அந்தப் பக்கம் கை வையுங்கள்.

சுத்தம் செய்யும் முறை எளிது. முதலில் பைப் வாயைத் துணியால் அடையுங்கள். மண்வாரிக்குப் பதில் பழைய பிளாஸ்டிக் டப்பாவை வெட்டிப் பயன்படுத்தினால் தகரம் கீறாது. குப்பையை அள்ளி வாளியில் போட்டு இறக்கி, கடைசியில் துணியை எடுத்துவிட்டுத் தண்ணீர் விடுங்கள். துணி வைக்காமல் தண்ணீர் பீய்ச்சினால் கட்டரில் இருந்த சேறு முழுவதும் பைப்புக்குள் போய்விடும்.

மேல கம்பி வலை போட்டுட்டா இந்தத் தொல்லையே இருக்காதுன்னு சொல்றாங்களே?

எந்த மரம் என்பதைப் பொறுத்தது. மா, வாதா, தென்னை என்றால் அரை அங்குலக் கண் உள்ள வலை நன்றாக வேலை செய்யும். புளிக்கும் முருங்கைக்கும் அந்தக் கண் பெரிது, இலை உள்ளே போய்விடும். அதற்காகக் கொசு வலை மாதிரி நெருக்கமாகப் போட்டால் நனைந்த இலை வலைமேல் போர்வையாகப் படிந்து, தண்ணீர் கட்டருக்குள்ளேயே இறங்காமல் வலைமேல் ஓடி வெளியே விழும். காற்று எதிர்ப்புறம் அடித்தால் சுவரில் விழும்.

கட்டர் முழுக்க வலை போடுவதைவிட பைப் வாயில் மட்டும் கூண்டு போல உயர்ந்து நிற்கும் கம்பி மூடி வைப்பது எனக்குப் பிடித்த வழி. குளியலறையில் வைக்கும் தட்டையான ஜாலியைப் பலர் வைக்கிறார்கள், ஒரு வாதா இலை போதும் அதை மூட. கூண்டு மூடியில் அடியில் இலை சேர்ந்தாலும் மேல் பக்கவாட்டில் தண்ணீர் நுழைய வழி இருக்கும். அதையும் முன் சொன்ன மாதங்களில் கழற்றிச் சுத்தம் செய்தாக வேண்டும்.

கட்டருக்கு எவ்வளவு சரிவு வேணும்? பாத்தா நல்லாத்தானே சாஞ்சிருக்கு.

கண்ணால் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பழைய வீட்டில் ஓட்டு விளிம்பே ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும். அதோடு ஒப்பிட்டால் மட்டமான கட்டர் சரிந்தது போலவும், சரிந்த கட்டர் மட்டம் போலவும் தெரியும். 10 அடி நீளத்துக்கு முக்கால் அங்குலம் இறங்கினால் போதுமானது. அரை அங்குலத்துக்குக் குறைந்தால் சேறு நகராது. ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் போனால் கட்டரின் ஒரு கோடி ஓட்டிலிருந்து ரொம்பக் கீழே இறங்கிவிடும், காற்றடிக்கும்போது ஓட்டிலிருந்து விழும் தண்ணீர் கட்டரைத் தவறவிடும்.

அளப்பதற்கு மேஸ்திரிகள் வைத்திருக்கும் டியூப் லெவல்தான் சிறந்தது. தண்ணீர் நிரப்பிய தெளிவான ரப்பர் குழாயின் இரண்டு முனையையும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். உள்ளே காற்றுக் குமிழி இருக்கக் கூடாது, இருந்தால் அளவு பொய் சொல்லும். இரண்டு கோடிகளை மட்டும் அளந்து நிறுத்திவிடாதீர்கள். 5 அடிக்கு ஒரு இடம் என்று நடுவிலும் அளந்து எழுதுங்கள். கோடியிலிருந்து கோடிக்குச் சரிவு சரியாக இருந்தும், நடுவில் தொய்ந்த கட்டர்களை நிறையப் பார்க்கிறேன்.

டியூப் லெவல் கிடைக்காவிட்டால், சுத்தம் செய்த கட்டரின் மேட்டுக் கோடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எங்கே குட்டை நிற்கிறதோ அங்கே அடிஸ்கேலை நிறுத்தி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பைப் 3 இஞ்ச் போட்டிருக்கோம். பத்தாதா?

கூரையின் பரப்பைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டும் மழைக்கு 3 அங்குல பைப் ஒன்று ஏறக்குறைய 20 சதுர மீட்டர் கூரையைத் தாங்கும், 4 அங்குல பைப் ஒன்று 40 சதுர மீட்டரைத் தாங்கும். சதுர அடியில் சொன்னால் சுமார் 215, 430. மணிக்கு 100 மில்லிமீட்டர் என்பது ஒரு மணி நேரம் முழுக்கப் பெய்ய வேண்டியதில்லை. பத்து நிமிடம் அந்த வேகத்தில் அடித்தாலே கட்டர் நிரம்பிவிடும்.

பைப்பை மட்டும் பார்க்காமல் கட்டரின் அடியில் வெட்டிய துளையையும் அளந்து பாருங்கள். 4 அங்குல பைப்பைப் பொருத்திவிட்டு, தகரத்தில் 2 அங்குலத் துளை மட்டும் போட்டிருப்பார்கள். அப்படியிருந்தால் உங்களிடம் இருப்பது 2 அங்குல பைப்தான்.

30 அடி கட்டர், ஒரு கோடியில பைப். ரெண்டு தடவை சுத்தம் பண்ணியாச்சு, ஆனாலும் நடுவுல சுவத்துமேல வழியுது. என்னதான் பண்றது?

இதே அளவில் குடந்தைப் பக்கம் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். ஓட்டுச் சரிவு 14 அடி, நீளம் 30 அடி, அதாவது 420 சதுர அடி, சுமார் 39 சதுர மீட்டர். மேற்குக் கோடியில் ஒரே ஒரு 3 அங்குல பைப். மேலே சொன்ன கணக்கில் இந்தக் கூரையிலிருந்து நிமிடத்துக்கு 65 லிட்டர் வரும். அந்த பைப் தாங்குவது அதில் பாதிதான். ஆனால் வீட்டுக்காரர்கள் சொன்னது சாதாரண மழையிலேயே வழிகிறது என்று. அப்படியானால் அளவு மட்டும் காரணமாக இருக்க முடியாது.

டியூப் லெவல் பிடித்ததில், கிழக்குக் கோடியைவிட பைப் இருக்கும் மேற்குக் கோடி அரை அங்குலம்தான் தாழ்ந்திருந்தது. 30 அடிக்கு வேண்டியது இரண்டேகால் அங்குலம். நடுப்பகுதியோ கிழக்குக் கோடியைவிட ஒன்றரை அங்குலம் தாழ்ந்திருந்தது. பைப் வாயைவிடவே நடு ஓர் அங்குலம் பள்ளம். அங்கே எப்போதும் தண்ணீர் நின்றது, சேறு படிந்தது, 4 அங்குல ஆழக் கட்டரில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஏன் தொய்ந்தது என்று பார்த்தால் கிளாம்புகள் 4 அடிக்கு ஒன்றாக இருந்தன. வழிந்த தண்ணீர் பட்டு நடுவில் இரண்டு கைமரங்களின் நுனி உளுத்து, அதில் அடித்திருந்த கிளாம்புகள் இறங்கியிருந்தன. வழிந்ததால் தொய்ந்தது, தொய்ந்ததால் இன்னும் வழிந்தது.

மேற்குக் கோடியை இரண்டேகால் அங்குலம் இறக்கினால் அங்கே ஓட்டுக்கும் கட்டருக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிடும். அதனால் நடுவை மேடாக்கி இரண்டு பக்கமும் சரித்தோம். 15 அடிக்கு ஒன்றேகால் அங்குலம் இறங்கினால் போதும். உளுத்த நுனிகளை வெட்டிப் பக்கத்தில் புது மரம் சேர்த்து போல்ட் போட்டாயிற்று. ஓரப்பலகையில் நடுவில் ஓர் ஆணி, இரண்டு கோடியிலும் ஒன்றேகால் அங்குலம் கீழே ஓர் ஆணி, அவற்றில் இழுத்துக் கட்டிய நூலின்படி 2 அடிக்கு ஒரு கிளாம்பு. கிழக்கில் மரம் இருப்பதால் அங்கே 4 அங்குலத்தில் புது பைப், மேற்கில் பழைய 3 அங்குல பைப்பே இருந்தது, பாதிக் கூரையை அது தாங்கும். முடிந்ததும் நடுவில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினோம், இரண்டு பக்கமும் பிரிந்து ஓடிக் கட்டர் காலியானது. அதற்குப் பிறகுதான் மூட்டுகளுக்குச் சீலண்ட் வைத்தோம். சரிவைத் திருத்தும்போது மூட்டு அசையும் என்பதால் முதலில் வைத்தால் வீண்.

எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்சாலும் என்னைக்காவது அடைக்கத்தானே செய்யும். அப்ப சுவத்துப் பக்கம் வழியாம இருக்க வழி உண்டா?

உண்டு, மாட்டும்போதே செய்ய வேண்டியது. கட்டரின் சுவர்ப் பக்க விளிம்பைவிட வெளிப்பக்க விளிம்பு அரை அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். நிரம்பினால் தண்ணீர் தாழ்ந்த விளிம்பைத் தாண்டி வாசல் பக்கம் விழும். பல வீடுகளில் கிளாம்பு முன்பக்கம் தூக்கியிருக்கும், அதனால்தான் எல்லாம் சுவரில் இறங்குகிறது. கிளாம்பை வளைத்தே இதைச் சரிசெய்துவிடலாம்.

இன்னொன்று, ஓட்டு நுனி கட்டரின் வாய்க்குள் ஒன்றரை அங்குலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நீளாவிட்டால் தண்ணீர் ஓட்டின் அடிப்பக்கமாகத் திரும்பி ரீப்பர் வழியே சுவருக்குப் போகும். ஓட்டை நகர்த்த முடியாத இடத்தில், கடைசி வரிசை ஓட்டுக்கு அடியில் ஒரு வளைந்த தகரத் துண்டைச் செருகி அதன் கீழ் நுனியைக் கட்டருக்குள் விடுங்கள்.

சுவரெல்லாம் ஓதம் அடிச்சு உப்பு பூத்துக் கிடக்கு. இது கட்டர் தண்ணியா, கீழருந்து ஏறுற ஓதமா?

கறையின் வடிவத்தைப் பாருங்கள். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவர் நெடுக ஏறக்குறைய ஒரே உயரத்தில், இரண்டு மூன்று அடிவரை இருக்கும், கோடையிலும் முழுதாகப் போகாது. கட்டர் தண்ணீரின் கறை மேலே குறுகித் தொடங்கிக் கீழே பரவும், மூட்டுக்கோ பள்ளத்துக்கோ நேர் கீழே இருக்கும், மழைக்காலத்தோடு வந்து போகும். அடியில் ஓர் அடி உயரத்துக்கு மண் புள்ளிகள் இருந்தால் அது தரையில் விழுந்து தெறித்த தண்ணீர்.

பூச்சு வேலைக்கு அவசரப்படாதீர்கள். கட்டரைச் சரிசெய்த அந்த மார்கழியிலேயே பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் புதுப் பூச்சைத் தள்ளிவிடும். தட்டினால் பொக்கென்று கேட்கும் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, மாசி பங்குனி வெயிலில் காயவிட்டு, பிறகு பூசுங்கள். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் சுண்ணாம்புப் பூச்சே போடுங்கள். சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே செங்கல் உதிரும்.

பைப் தண்ணி சுவர் அடியிலேயே விழுது. அங்கேயே ஒரு குழி தோண்டி மண்ணுக்குள்ள விட்டுடலாமா?

சுவரை ஒட்டி வேண்டாம். டெல்டாவின் களிமண் தண்ணீரைச் சீக்கிரம் உறிஞ்சாது, நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அஸ்திவாரத்தின் ஒரு மூலையில் மட்டும் இது வருடா வருடம் நடந்தால் அந்த மூலையில் சுவர் சாய்வாகக் கீறல் விடும். கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும் ஊர்களில் குழி தானாகவே நிரம்பி நிற்கும். மழைநீர் சேகரிப்புக் குழி தேவைதான், ஆனால் அதைச் சுவரிலிருந்து 10 அடியாவது தள்ளி வையுங்கள், நிரம்பினால் வழிய வாய்க்காலுக்கோ கொல்லைக்கோ ஒரு வழியும் விடுங்கள்.

பைப்பின் அடியில் ஒரே திருப்பமாக 90 டிகிரி பெண்டு வைக்காமல் இரண்டு 45 டிகிரி பெண்டு வைக்கச் சொல்லுங்கள், அதற்கு மேலே ஒரு டோர் டீ இருக்கட்டும். கதவைக் கழற்றிக் கையை விட்டு அடைப்பை எடுக்கலாம், பைப்பை அறுக்க வேண்டியதில்லை.

எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுச் சுவர். அதுமேலதான் நடு கட்டர் ஓடுது, ரெண்டு வீட்டுக் கூரையும் அதுலதான் வடியுது. இதுக்கு என்ன பண்றது?

ஒட்டி ஒட்டிக் கட்டிய தெரு வீடுகளில் இதுதான் சிக்கலானது. இரண்டு கூரைத் தண்ணீரும் ஒன்றில் விழுவதால் பரப்பை இரண்டையும் கூட்டித்தான் பைப் கணக்குப் போட வேண்டும். முன்பு சொன்ன தாழ்ந்த விளிம்பு யோசனை இங்கே செல்லாது, எந்தப் பக்கம் வழிந்தாலும் ஒரு வீட்டுக்குள்தான் விழும். அதனால் கட்டரின் கோடியில், தெருப் பக்கமோ கொல்லைப் பக்கமோ, அடியிலிருந்து 2 அங்குல உயரத்தில் ஒரு வழிதுளை வெட்டி அரை அடி நீளத் தகர மூக்கு வையுங்கள். பைப் அடைத்தால் தண்ணீர் முதலில் அந்த மூக்கு வழியாக வெளியே கொட்டும். அது கொட்டுவதைப் பார்த்தே இரண்டு வீட்டாருக்கும் அடைப்பு தெரிந்துவிடும்.

இந்தக் கட்டரை ஒருவர் பக்கம் மட்டும் தூக்கிக் கட்ட முடியாது, சரிவை மாற்றினால் இரண்டு கூரையின் கடைசி வரிசை ஓட்டையும் எடுத்து வைக்க வேண்டும். அதனால் டியூப் லெவல் பிடிக்கும்போதே பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு அளவைக் காட்டுங்கள். எங்கே பள்ளம், யார் பக்கம் எவ்வளவு சேறு என்று அளவைக் கண்ணால் பார்த்த பிறகு செலவைப் பிரித்துக்கொள்வதில் பேச்சு நீளுவதில்லை. நாகப்பட்டினம், வேதாரண்யம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர் என்றால் இப்படிப்பட்ட நடு கட்டருக்குச் சாதாரணத் தகரம் போடாதீர்கள், சீக்கிரம் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு போடுங்கள், அதைச் செப்பு ஆணியோ இரும்பு ஆணியோ கொண்டு அடிக்காமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகு போட்டு, திருகுத் தலைக்கடியில் ரப்பர் வாஷர் வைக்கச் சொல்லுங்கள்.